முதுகை வளைக்காமல் மனு எழுதுவது எப்படி?

தேவையான பொருட்கள்: வெள்ளைத் தாள் ஒன்று, பேனா ஒன்று, சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று. மூன்றாவது கைவசம் இல்லாதவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அவர்களுக்குப் பழைய முறையே போதும். அதில் விஷயம் இல்லாமலேயே ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் நான். வருகிற மனுவைப் பிரித்து, முத்திரை குத்தி, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று மூலையில் குறித்து அனுப்புவது என் வேலை. அங்கே போனதும் பிரிவு எழுத்தர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றி எண் போடுவார். ஒரு மனுவுக்கு என்னிடம் இருந்த நேரம் ஒரு மிடறு டீ உள்ளே இறங்கும் நேரம். அதற்குள் என் கண் தேடியது என்ன, எங்கே, யார் என்ற மூன்றை மட்டும்தான். கண்ணில் முதலில் பட்டதோ எப்போதும் ஒரு கும்பிடு. அதற்குக் கீழே இன்னொரு கும்பிடு. அதையும் தாண்டிப் போனால் பக்கத்தின் நடுவில், கூட்டத்தில் காணாமல் போன குழந்தை மாதிரி, விஷயம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் மனு என்னை விடவில்லை. போன மாதம் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு தாளோடு வந்தார். கடைக்கு எதிரே குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு மனு கொடுத்து ஒன்றும் நடக்கவில்லை. “சார்வாள், இதை இன்னும் கொஞ்சம் பணிவா மாத்திக் குடுங்க” என்றார். முதல் மனுவின் நகல் இது:

“மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய உயர்திரு உதவிப் பொறியாளர் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, பள்ளிக்கூடத் தெருவில் மளிகைக்கடை நடத்திவரும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள குடிமகன் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம் யாதெனில், ஐயா, நான் மேற்படி விலாசத்தில் கடந்த 22 ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். நிற்க. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து வெகு நாட்களாகத் தண்ணீர் வீணாகிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் கொண்டுவருகிறேன். எனவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து நேரில் பார்வையிட்டு ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,” கீழே அண்ணாச்சியின் கையெழுத்து.

இதில் குழாயைப் பற்றிப் பேசுபவை “எங்கள் தெருவில்” தொடங்கி “வீணாகிறது” வரை ஒன்பது சொற்கள். மற்றதெல்லாம் நெடுஞ்சாண்கிடை. இதற்கு மேல் பணிவு சேர்க்க வேண்டுமென்றால் தாளைத் தரையில் உருட்டித்தான் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் எல்லாருமே கடிதம் எழுதக் கற்றது பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பத்தில். கடுமையான காய்ச்சலால் அவதிப்பட்டு, அதே காய்ச்சலோடு அழகான கையெழுத்தில் “தாழ்மையுடன்” என்று எழுதியவர்கள்தாம் நாம். பத்தாம் வகுப்புத் தேர்வில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் கட்டம் கட்டி உறைமேல் முகவரி எழுதினால் மதிப்பெண். உள்ளே என்ன கேட்டோம் என்பது யாருக்கும் நினைவில்லை, உறைமேல் முகவரி மட்டும் மறக்கவில்லை. அதற்கும் முந்தைய தலைமுறை “ம.ரா.ரா.ஸ்ரீ” என்று தொடங்கியது. மகாராஜராஜஸ்ரீயின் சுருக்கம் அது. தாலுகா குமாஸ்தாவும் அந்த ஒரு வரியில் மகாராஜா ஆகிவிடுவார்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் ஒரு சோதனை, இதற்கு ஜன்னல் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் அந்த அதிகாரியின் ஜன்னலுக்கு முன்னால் நீங்களே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். என்ன சொல்வீர்கள்? “வணக்கம் சார், பள்ளிக்கூடத் தெருவுல மளிகைக்கடை வச்சிருக்கேன். கடைக்கு எதிர்ல குடிதண்ணி பைப்பு உடைஞ்சிருக்கு.” இதைத்தானே? “தங்கள் மேலான சமூகத்திற்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்” என்று அங்கே ஆரம்பித்தால் பின்னால் நிற்பவர் உங்களை நகர்த்திவிட்டு முன்னே வருவார். ஜன்னலில் சொன்னதை அப்படியே எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள். பேச்சின் கொச்சை போகட்டும், வரிசை மட்டும் அப்படியே இருக்கட்டும்.

விளி வரியில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அதிகாரி ஆணா பெண்ணா என்று தெரியாததால் “ஐயா/அம்மையீர்” என்று சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதி, பொருந்துவதை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். அம்மையீர் என்று யாரும் யாரையும் கூப்பிட்டு என் காதால் கேட்டதில்லை. ‘ஈர்’ பன்மை விளி. ஒரே ஒரு பெண் அதிகாரிக்கு அது ஒரு கூட்டத்தையே கூப்பிட்ட மாதிரி. இதற்கு எளிய வழி பதவிப் பெயர். “உதவிப் பொறியாளர் அவர்களுக்கு, வணக்கம்.” முடிந்தது. ‘அவர்கள்’ என்ற ஒரு சொல்லிலேயே தேவையான மரியாதை முழுவதும் வந்துவிட்டது. ஆண், பெண் சிக்கலும் இல்லை. நாளைக்கு அவர் மாற்றலாகிப் போனாலும் கடிதம் புதியவருக்குப் பொருந்தும். பெயர் தெரிந்து, அவரோடு ஏற்கெனவே பேசியும் இருந்தால் பெயரோடு ‘அவர்களுக்கு’ சேர்த்து எழுதலாம். ‘அன்புள்ள’ மட்டும் வேண்டாம். அது பத்திரிகை ஆசிரியருக்கும் பழகியவர்களுக்கும் உரியது. முன்பின் தெரியாத பொறியாளரிடம் அன்பு காட்டினால் அவர் பதறிப்போவார்.

“மதிப்பிற்குரிய ஐயா” போதாதா என்று கேட்டால், போதும். தவறே இல்லை. ஐயா என்பது நாம் வாயால் சொல்லும் சொல்தான். மதிப்பு, மரியாதை, உயர்திரு, மேலான, சமூகம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் கோணல் ஆரம்பிக்கிறது. உயர்திருவும் ஐயாவும் ‘அவர்க’ளும் ஒரே வரியில் இருந்தால் ஒருவருக்கு மூன்று மாலை போட்ட கணக்கு. மாலைக்குள் முகம் தெரியாது. இந்த அடுக்கலைக் குறைக்க மேலிடங்களே முன்வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் குடியரசுத் தலைவரைக் குறிக்கும் ‘ஹிஸ் எக்ஸலென்ஸி’ என்ற அடைமொழியை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தவிர்க்கலாம் என்று 2012இல் பிரணாப் முகர்ஜி முடிவு செய்தார். நாட்டின் முதல் குடிமகனே இறக்கி வைத்த சுமையை உதவிப் பொறியாளர் தலையில் நாம் ஏன் ஏற்ற வேண்டும்?

அடுத்தது ‘யாதெனில்’. இது ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் விஷயம் இருக்கிறது. எழுதுபவர் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார், உள்ளே போக மாட்டார். “தெரிவித்துக்கொள்வது யாதெனில்”, “விண்ணப்பம் என்னவென்றால்”, “தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புவது”. இவற்றை எல்லாம் அடித்துவிட்டு அடுத்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். ஒன்றுமே குறைந்திருக்காது. நீங்கள் தெரிவிக்கிறீர்கள் என்பது தெரிந்ததுதான். தெரிவிக்காமல் இருக்க எண்ணினால் தாளே வந்திருக்காது.

“நான் மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறேன்” என்ற வரி பாவம், இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. விலாசம் அனுப்புநர் என்ற தலைப்பின் கீழே ஏற்கெனவே வந்தாயிற்று. ‘மேற்படி’ நல்ல பழைய சொல். கணக்குப்பிள்ளைகள் அதை ௸ என்ற ஒரே குறியாகச் சுழித்து இடத்தை மிச்சம் பிடித்தார்கள். இடத்தைச் சுருக்க வந்த சொல்லை இன்று இடத்தை நிரப்பப் பயன்படுத்துகிறோம். இதற்குப் பதிலாக, அந்த அதிகாரியிடம் இதைக் கேட்க உங்களுக்கு என்ன தொடர்பு என்று ஒரே வரியில் சொல்லுங்கள்: “பள்ளிக்கூடத் தெரு 27ஆம் எண்ணில் மளிகைக்கடை நடத்துகிறேன்.” 22 ஆண்டு வரலாறு வேண்டாம். குழாய் உடைந்து 22 ஆண்டு ஆகியிருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘நிற்க’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். குசலம் விசாரித்தது அப்படியே நிற்கட்டும், இனி காரியத்துக்கு வருவோம் என்று ஒரே சொல்லில் திரும்பும் அழகு அதில் இருக்கிறது. ஆனால் குசலமே விசாரிக்காத மனுவில் எதை நிற்க வைப்பது? அத்தை மாமாவுக்கு எழுதும் கடிதத்துக்காக அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இத்தனையும் வெட்டச் சொன்னேன். ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள். எல்லாரும் பழசு என்று நினைப்பது அதைத்தான்: ‘பொருள்’ வரி. அலுவலகக் கோப்புகளில் அது இப்படி இருக்கும்: “பொருள்: குடிநீர் – வார்டு 14 – பள்ளிக்கூடத் தெரு – குழாய்க் கசிவு – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.” வாக்கியமே இல்லை, கோடு கோடாக ஏதோ தந்தி மாதிரி இருக்கிறது என்று புதிதாக எழுதுபவர்கள் அதைத் தூக்கிவிட்டு “குடிநீர்ப் பிரச்சினை குறித்து” என்று நயமாக எழுதுகிறார்கள். அந்தக் கோடுகளுக்கு வேலை இருக்கிறது. அகலமான சொல்லில் தொடங்கிக் குறுகிக்கொண்டே போகும் வரிசை அது. குடிநீர் என்ற முதல் சொல்லிலேயே எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரிந்துவிடும். வார்டு எண்ணில் எந்த மேசை என்பதும் தெரியும். அடுத்த வாரம் கோப்பைத் தேடும்போதும் அதே வரிசையில்தான் தேடுவார்கள். “குடிநீர்ப் பிரச்சினை” என்று மட்டும் எழுதினால், தண்ணீர் வரவில்லையா, கலங்கலாக வருகிறதா, வரி அதிகமா என்று தெரிந்துகொள்ள முழு மனுவையும் படிக்க வேண்டும். டீ ஆறிவிடும். கடைசியில் இருக்கும் ‘தொடர்பாக’வை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

இப்போது கடைசிப் பகுதி. ஆபத்தான இடம் இதுதான், ஏனென்றால் கேட்க வந்ததைக் கேட்கும் இடம் இது. “கருணை கூர்ந்து நேரில் பார்வையிட்டு ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.” இந்த வரி அண்ணாச்சிக்கு என்ன செய்தது என்று பார்ப்போம். நான் அவரை உட்கார வைத்து விசாரித்தேன்.

“முதல் மனுவுக்கு யாராவது வந்து பார்த்தாங்களா?”

“வந்தாங்களே. ஒரு பையன் வந்தான். பதினொரு மணி இருக்கும். குழியைப் பார்த்தான், காஞ்சு கிடந்துது. போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான்.”

“தண்ணி எப்ப பொங்கும்?”

“நம்ம தெருவுக்குத் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தானே, காலைல ஆறுல இருந்து ஏழு வரைக்கும். அப்ப மட்டும்தான் பொங்கும். அதுக்கப்புறம் வெயில்ல காஞ்சுரும்.”

“இதை மனுவுல எழுதினீங்களா?”

“அதெல்லாம் எதுக்கு சார்வாள் மனுவுல? மரியாதையாவா இருக்கும்?”

நடந்தது இதுதான். நேரில் பார்வையிடச் சொன்னார், பார்வையிட்டார்கள். ஆவன செய்யச் சொன்னார், காய்ந்த குழியைப் படம் எடுத்துக் கசிவு இல்லை என்று குறித்தார்கள். ஆக வேண்டியது ஆயிற்று. ‘ஆவன’ என்றால் ஆக வேண்டியவை. எவை ஆக வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையை அண்ணாச்சி எதிராளியிடம் ஒப்படைத்துவிட்டார். ‘தக்க நடவடிக்கை’யும் இதே ரகம். எது தக்கது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். உங்களுக்கு வேண்டியதை வினையாகச் சொல்லுங்கள்: உடைந்த இணைப்பை மாற்ற வேண்டும், குழியை மூட வேண்டும், தண்ணீர் விடும் நேரத்தில் வந்து பார்க்க வேண்டும்.

விசாரணை இன்னும் முடியவில்லை. எப்போது உடைந்தது என்றேன். “வெகு நாளாச்சு” என்றார். கடைக் கணக்கு நோட்டைப் புரட்டச் சொன்னேன். குழியில் சைக்கிள் விழுந்து ஒரு முட்டை அட்டை நாசமான நாளை அவர் குறித்து வைத்திருந்தார்: மே 4. தொலைபேசியில் புகார் சொன்னது மே 9. ஆட்கள் வந்து தோண்டி மூடியது மே 13. மறுபடி பொங்கியது மே 15. வெகு நாட்கள் என்ற மூட்டைக்குள் நான்கு தேதிகள் இருந்தன. ஒரு தடவை மூடிய குழி இரண்டே நாளில் திறந்துகொண்டது என்றால் வெறும் கசிவு இல்லை, இணைப்பிலேயே கோளாறு இருக்கக்கூடும் என்று பொறியாளருக்குத் தோன்றும். “வெகு நாட்களாக” என்றால் ஒன்றும் தோன்றாது.

வேண்டுகோளின் வினைமுற்றில் ஓர் எச்சரிக்கை. பணிவை வெட்டுகிறேன் பேர்வழி என்று “உடனே சரிசெய்யவும்” என்று எழுதாதீர்கள். ‘செய்யவும்’ பலகையின் மொழி. செருப்பைக் கழற்றவும், வரிசையில் நிற்கவும் என்று சுவர்தான் அப்படிப் பேசும். மனிதர் மனிதரிடம் பேசும்போது “சரிசெய்து தாருங்கள்”, “சரிசெய்து தர வேண்டுகிறேன்”. இரண்டிலும் மரியாதை போதுமான அளவு இருக்கிறது. ‘தாருங்க’ளில் இருக்கும் ‘உங்கள்’தனமே மரியாதைதான். ‘தாங்கள், தங்கள்’ வேண்டும் என்று தோன்றினால் கடைசிவரை அதையே எழுதுங்கள். முதல் பத்தியில் ‘தாங்கள்’, மூன்றாவது பத்தியில் ‘நீங்கள்’ என்றால், பாதி வழியில் கோபம் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

கருணை வேண்டவே வேண்டாத இடமும் ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 6(2) பிரிவின்படி, தகவல் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. 7(1) பிரிவின்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிவிட்டு, அதற்குக் கீழே “கருணை கூர்ந்து தகவல் அளித்து உதவுமாறு தாழ்மையுடன்” என்று எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிக்கெட் எடுத்துவிட்டுப் பேருந்தில் ஏற அனுமதி கேட்பது மாதிரி. அங்கே “கீழ்க்கண்ட தகவல்களை அளியுங்கள்” போதும்.

கடைசியாகக் கையெழுத்துக்கு மேலே இருக்கும் இரண்டு வரிகள்: “இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,”. சேர்ந்தே வருவதால் இரட்டைப் பிள்ளைகள் என்று நினைத்துவிடுகிறோம். பிறந்த வீடு வேறு வேறு. இப்படிக்கு நம் வீட்டுப் பிள்ளை. இதுவரை எழுதியது இந்தப்படிக்கு, இதற்கு இது என் கையெழுத்து என்பதுதான் பொருள். பழைய பத்திரங்களில் ‘இந்தப்படிக்கு’ என்று வரும். கல்வெட்டுகளிலும் ஒப்பமிடுபவர் ‘இவை இன்னார் எழுத்து’ என்று பெயரைப் பொறிப்பார். பொறுப்பேற்கும் சொல் அது. அதில் குனிவும் இல்லை, நிமிர்வும் இல்லை. ‘தங்கள் உண்மையுள்ள’ கப்பலில் வந்தது. வெள்ளைக்காரன் காலத்து அலுவலகக் கடிதம், தங்களுடைய மிகக் கீழ்ப்படிதலுள்ள பணியாளாக இருக்கும் பெருமை எனக்கு உண்டு என்ற பொருளில் முடியும். அந்த வழக்கத்தின் குட்டை வடிவம் ஆங்கிலத்தில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. அதன் மொழிபெயர்ப்பு நம் கையில்.

மொழிபெயர்ப்பு என்பதற்காக மட்டும் குறை சொல்லவில்லை. தமிழில் அது அந்தரத்தில் தொங்குகிறது. ‘உண்மையுள்ள’ என்பது பெயரெச்சம், அது ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்தப் பெயர் அடுத்த வரியில் இருக்கும் உங்கள் கையெழுத்து. அப்படியே சேர்த்துப் படித்தால் “உங்களுடைய, உண்மையான, மளிகைக்கடை அண்ணாச்சி” என்று வருகிறது. நடுவில் காற்புள்ளி வேறு. உண்மை இல்லாத அண்ணாச்சி யாராவது வேறு மனு போட்டாரா என்று பொறியாளருக்குச் சந்தேகம் வரலாம். ஆகவே வரிசை இது: நன்றி. இப்படிக்கு. கையெழுத்து, பெயர், தொலைபேசி எண். பழசு என்று நாம் வெட்டப் பார்த்த ‘இப்படிக்கு’ இருக்கிறது. மரியாதை என்று காப்பாற்றப் பார்த்தது போய்விட்டது. வெறும் “நன்றி” என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாலும் பழுதில்லை. மின்னஞ்சலில் அதுவே அழகு.

மின்னஞ்சல் என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய கும்பிடுகளை விரட்டிய கையோடு புதிய கும்பிடுகள் வாசலில் வந்து நிற்கின்றன. “இந்த மின்னஞ்சல் தங்களை நலமுடன் சந்திக்கும் என்று நம்புகிறேன்.” தமிழில் மின்னஞ்சல் யாரையும் போய்ச் சந்திக்காது. நலம் விசாரிக்க நமக்கு வழியா இல்லை? நலமா என்றாலே போதும், அதுவும் தெரிந்தவரிடம். “தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்” என்பதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. குழாய்க் கசிவுக்கு ஆவல் எதற்கு? “எப்போது வேலை தொடங்கும் என்று தெரிவியுங்கள்” என்றால் அதில் பதிலும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. புதிய வரி நல்லதா, இன்னொரு சடங்கா என்று தெரிய மறுபடி ஜன்னலுக்குப் போங்கள். அங்கே வாயில் வராதது தாளிலும் வேண்டாம்.

அண்ணாச்சியின் இரண்டாவது மனு இப்படி ஆயிற்று. அனுப்புநர், பெறுநர் முகவரிகளை விட்டுவிட்டுத் தருகிறேன்.

“பொருள்: குடிநீர் – வார்டு 14 – பள்ளிக்கூடத் தெரு – குழாய்க் கசிவு – சரிசெய்யக் கோருதல்.
பார்வை: எனது மே 20ஆம் தேதி மனு.

உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத் தெரு 27ஆம் எண்ணில் மளிகைக்கடை நடத்துகிறேன். கடைக்கு எதிரே, மின்கம்பத்திலிருந்து மூன்றடி தள்ளி, மே 4 முதல் குடிநீர்க் குழாய் கசிகிறது. மே 13 அன்று ஆட்கள் வந்து தோண்டிச் சரிசெய்து மூடினார்கள். மே 15 அன்று அதே இடத்தில் மறுபடியும் கசியத் தொடங்கியது.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலை 6 மணி முதல் 7 மணி வரை, தண்ணீர் விடும்போது மட்டுமே கசிவு தெரியும். மற்ற நேரத்தில் குழி காய்ந்திருக்கும். மேலே சொன்ன மனுவுக்காகப் பார்க்க வந்தவர் முற்பகல் 11 மணிக்கு வந்ததால் கசிவைக் காண முடியவில்லை.

தண்ணீர் விடும் நாளில் காலை 6 மணிக்கு வந்து பார்த்து, பழுதான இணைப்பை மாற்றிக் குழியை மூடித் தர வேண்டுகிறேன். நான் ஐந்தரை மணிக்கே கடை திறந்துவிடுவேன், இடத்தைக் காட்டுகிறேன். எந்த நாளில் வருவீர்கள் என்று கீழே உள்ள எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,”

படித்துக் காட்டினேன். அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சார்வாள், கெஞ்சவே இல்லையே.”

“கடையில கடனுக்குச் சாமான் கேக்கிறவன் கெஞ்சினா குடுப்பீங்களா, எப்பத் தருவேன்னு நாள் சொன்னா குடுப்பீங்களா?”

“நாள் சொல்றவனுக்கும் குடுத்து ஏமாந்திருக்கேன்” என்றார். நியாயம்தான். நான் சொல்லும் முறையிலும் குழாய்க்கு உத்தரவாதம் இல்லை. அலுவலகத்தில் ஆள் இல்லை, பொருள் இல்லை என்றால் எவ்வளவு தெளிவாக எழுதினாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் காய்ந்த குழியைப் பார்த்துவிட்டுப் போவதற்கு இனி வழி இல்லை. தபால் பிரிவில் கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த மனுவின் பார்வையில் எழுத அது வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

எல்லா இடத்திலும் இந்தக் கத்தரியை நீட்டாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரயப் பத்திரத்தில் வரும் நீண்ட சடங்குச் சொற்களுக்குச் சட்டத்தில் வேலை உண்டு. அங்கே அழகு பார்த்து ஒரு சொல்லை எடுத்தால் பத்து வருஷம் கழித்து வழக்காக முளைக்கும். அதைப் பத்திர எழுத்தரிடமே விட்டுவிடுவது நல்லது.

நான்கு நாள் கழித்து அண்ணாச்சி மறுபடி வந்தார். நகலில் முத்திரை இருந்தது. காலையில் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், இணைப்பு வந்ததும் மாற்றுவதாகச் சொன்னதாகவும் சொன்னார். கையில் இன்னொரு தாள். மகள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. அச்சுப்பிழை மட்டும் பார்க்க வேண்டுமாம். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்ததும், “நிகழும் மங்களகரமான” என்ற முதல் வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“இதுல கை வைக்காதீங்க சார்வாள். சம்பந்தி வரமாட்டார்.”

முதல் வரிக்குக் கீழிருந்து பிழை பார்த்துக் கொடுத்தேன்.